சர்க்கரைவள்ளியா, உருளையா? பாதி விடை அடுப்பில் இருக்கிறது

ஒருவருக்கு நீரிழிவு என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் தள்ளிவைக்கப்படுவது பெயரிலேயே சர்க்கரையை வைத்திருக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். சில மாதங்கள் போனதும் கைப்பேசியில் ஒரு காணொளி வருகிறது. சர்க்கரைவள்ளி தாராளமாகச் சாப்பிடலாம், உருளைக்கிழங்குதான் எதிரி என்கிறது அது. அடுத்த வாரம் வருகிற காணொளி இரண்டுமே விஷம் என்கிறது. இரு காணொளிகளும் ஏதோ ஓர் ஆய்வைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகின்றன. ஆனால் கிழங்கு எப்படிச் சமைக்கப்பட்டது, எவ்வளவு உண்ணப்பட்டது, எதனுடன் உண்ணப்பட்டது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

## சொந்தமில்லாத இரண்டு கிழங்குகள்

மண்ணுக்குள் விளைகின்றன, மாவாக இருக்கின்றன என்பதைத் தவிர இவ்விரண்டுக்கும் உறவு கிடையாது. உருளை, கத்தரியும் தக்காளியும் சேர்ந்த குடும்பம். நாம் உண்பது அதன் பருத்த தண்டு. அதனால்தான் உருளையில் ‘கண்’ இருக்கிறது, அதிலிருந்து முளை வருகிறது. சர்க்கரைவள்ளியோ வேலிகளில் பூக்கும் ஊதாப்பூக் கொடிகளின் குடும்பம். நாம் உண்பது அதன் வேர்.

வேகவைத்த 100 கிராமை எடுத்துக்கொண்டால் உருளையில் சுமார் 20 கிராம் மாவுப்பொருள், அதாவது கார்போஹைட்ரேட், இருக்கிறது. தோல் நீக்கி வேகவைத்த சர்க்கரைவள்ளியில் சுமார் 18 கிராம். பெரிய வித்தியாசமில்லை. அந்த மாவுப்பொருள் எந்த வடிவில் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. உருளையில் சர்க்கரை 1 கிராம்கூடத் தேறாது, மற்றதில் பெரும்பகுதி ஸ்டார்ச். சர்க்கரைவள்ளியில் 5 முதல் 6 கிராம் வரை சர்க்கரையாகவே இருக்கிறது.

அப்படியானால் சர்க்கரைவள்ளிதானே ரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்ற வேண்டும்? நாக்கு அப்படித்தான் சொல்லும். ஆனால் ஸ்டார்ச் என்பது குளுக்கோஸ் மணிகளை மட்டுமே கோத்த நீண்ட சங்கிலி. அது அவிழ்ந்தால் முழுக்க முழுக்க குளுக்கோஸ்தான். பச்சைச் சர்க்கரைவள்ளியின் இனிப்பில் பெரும்பங்கு சுக்ரோஸ். அதில் பாதிதான் குளுக்கோஸ். மறுபாதியான ஃபிரக்டோஸ் கல்லீரலுக்குப் போய்விடுவதால் குளுக்கோமீட்டரில் பெரிதாகத் தெரியாது. ஆகவே இனிப்பில்லாத உருளை, இனிக்கும் கிழங்கைவிட வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் வியப்பில்லை.

## கிளைசெமிக் குறியீடு எப்படி அளக்கப்படுகிறது

காணொளிகளில் வந்து விழும் எண்ணின் பெயர் கிளைசெமிக் குறியீடு. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் அறிமுகப்படுத்திய அளவை இது. செய்முறை எளியது.

1. இரவு முழுக்க உண்ணாமல் வந்த பத்துப் பேர் அளவில் ஒரு குழுவுக்கு, செரிக்கக்கூடிய மாவுப்பொருள் சரியாக 50 கிராம் வரும் அளவுக்கு அந்த உணவு தரப்படுகிறது.
2. அடுத்த இரண்டு மணி நேரம், இடைவெளி விட்டு ரத்தச் சர்க்கரை அளக்கப்பட்டு வரைபடமாகிறது. தொடக்க அளவுக்கு மேலே எழும் மேட்டின் பரப்பு கணக்கிடப்படுகிறது.
3. அதே ஆட்களுக்கு வேறொரு நாள் 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்து வரும் மேட்டை 100 என்று வைத்து, உணவின் மேடு அதில் எத்தனை விழுக்காடு என்று பார்க்கிறார்கள்.

55-க்குள் இருந்தால் குறைவு, 70-ஐத் தொட்டால் அதிகம், நடுவில் மிதம். 

முதல் படியில் உள்ள ‘50 கிராம்’ என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வேகவைத்த சர்க்கரைவள்ளியில் நார்ச்சத்தைக் கழித்தால் 100 கிராமுக்கு 15 கிராம்தான் செரிக்கும் மாவுப்பொருள். ஆகவே சோதனைக்கு உட்கார்ந்தவர் ஏறக்குறைய 330 கிராம் கிழங்கைத் தின்றாக வேண்டும். மாலையில் ஒரு கிழங்கை உரித்துத் தின்கிற யாரும் அவ்வளவு தின்பதில்லை. எனவே குறியீடு வேகத்தை மட்டுமே காட்டும். நம் தட்டில் விழுந்த அளவுக்கு என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கணக்கு தேவை. அதைப் பின்னால் பார்க்கலாம்.

## ஒரே கிழங்கு, 41 முதல் 94 வரை

2011-இல் வெளிவந்த ஒரு ஜமைக்கா ஆய்வு இந்த விவாதத்தையே புரட்டிப்போடத்தக்கது. ஆனால் அது பரவலாகப் பேசப்படவில்லை. அந்நாட்டில் விளையும் பத்துச் சர்க்கரைவள்ளி ரகங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு விதமாகச் சமைத்துக் குறியீட்டை அளந்தார்கள். வேகவைத்தவை 41 முதல் 50 வரை. எண்ணெயில் பொரித்தவை 63 முதல் 77. தணலில் சுட்டவை 79 முதல் 93. அடுமனைச் சூளையில் வாட்டியவை 82 முதல் 94.

ஒரே தோட்டத்துக் கிழங்கு பானைக்குள் போனால் ‘குறைவு’ வகுப்பிலும், தணலுக்குள் போனால் ஏறக்குறைய குளுக்கோஸுக்குப் பக்கத்திலும் போய் நிற்கிறது. சர்க்கரைவள்ளி நல்லது என்றவரும் கெட்டது என்றவரும் இந்த ஒரே பட்டியலின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம்.

ஏன் இப்படி? பதில் கிழங்குக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி. அதன் பெயர் பீட்டா அமிலேஸ். ஸ்டார்ச் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கத்தரித்து மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுவது அதன் வேலை. பச்சைக் கிழங்கில் ஸ்டார்ச் இறுகிய மணிகளாக இருப்பதால் நொதியால் உள்ளே நுழைய முடியாது. சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மணிகள் நீர் குடித்து உப்பி இளகுகின்றன. நொதி வேலையைத் தொடங்குகிறது. 80 டிகிரியை நெருங்கினால் நொதியே செயலிழந்துவிடுகிறது. ஆகவே கிழங்கின் நடுப்பகுதி இந்த இடைப்பட்ட சூட்டில் எத்தனை நிமிடம் தங்குகிறதோ அத்தனை மால்டோஸ் உருவாகும்.

தணலில் முழுசாகப் புதைத்த கிழங்கின் நடுவே சூடு ஊர்ந்துதான் போய்ச்சேரும். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு எடுத்துப் பிட்டால் தேன் போலக் கசிகிறதே, அந்தக் கசிவில் மால்டோஸ் மிகுந்திருக்கிறது. மால்டோஸ் இரண்டே குளுக்கோஸ் கொண்டது. குடலில் நொடியில் பிரிந்துவிடும். துண்டுகளாக நறுக்கிக் கொதிக்கும் நீரில் போட்டால் இந்த இடைப்பட்ட சூட்டைக் கிழங்கு விரைவில் கடந்துவிடுகிறது. சுட்ட கிழங்கு ஏன் அவித்ததைவிட இனிக்கிறது என்பதற்கும், ஏன் ரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது என்பதற்கும் பெரிதும் காரணம் இதுதான். தணலில் நீர் வற்றிப்போவதால் அதே எடைக்கு மாவுப்பொருளும் கூடிவிடுகிறது என்பது மேலதிகச் சுமை.

ஜமைக்கா எண்களை அப்படியே நம்மூர் கிழங்குக்குப் பொருத்திவிடவும் கூடாது. பல நாட்டு அளவீடுகளைத் தொகுத்து 2008-இல் வந்த பன்னாட்டுப் பட்டியலில் வேகவைத்த சர்க்கரைவள்ளியின் சராசரி 63. ரகம், முதிர்ச்சி, எவ்வளவு நேரம் குழைய விட்டார்கள் என்பதற்கேற்ப மாறும். திசை மட்டும் மாறுவதில்லை: நீரில் வெந்தது கீழே, உலர்சூட்டில் வாடியது மேலே.

## உருளையைச் சூடாகவா, ஆறவைத்தா?

அதே 2008 பட்டியலில் வேகவைத்த உருளையின் சராசரி 78. வெள்ளை அரிசிச் சோறு 73. சோற்றையே குறைக்கச் சொன்ன மருத்துவர் உருளையையும் ஏன் குறைக்கச் சொன்னார் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் உருளையிலும் ஒரு திருப்பம் உண்டு. வட அமெரிக்காவில் விற்கும் உருளை வகைகளை 2005-இல் டொரண்டோவில் அளந்தபோது, சிவப்புத்தோல் உருளையை வேகவைத்துச் சூடாகத் தின்றவர்களுக்குக் குறியீடு 89 வந்தது. வேகவைத்துக் குளிரவைத்துத் தின்றபோது 56. இளகி விரிந்த ஸ்டார்ச் சங்கிலிகள் ஆறும்போது மறுபடி ஒன்றோடொன்று ஒட்டி இறுகுவதுதான் காரணம். இறுகியதில் ஒரு பகுதியைக் குடல் நொதிகளால் அறுக்க முடியாது. அது பெருங்குடல் வரை போய் நார்ச்சத்து போல நடந்துகொள்கிறது. இன்னொரு பகுதி செரிக்கிறது, ஆனால் நிதானமாக.

மறுபடி சூடாக்கினால் இந்த இறுக்கம் போய்விடுமா என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. கொஞ்சம் போகும், எல்லாம் போகாது. ஸ்டார்ச்சில் கிளைவிட்ட வகை, நேரான வகை என இரண்டு உண்டு. கிளைவிட்டது மிதமான சூட்டிலேயே மறுபடி இளகிவிடும். நேரானது இறுகிவிட்டால் நீரின் கொதிநிலையும் அதற்குப் போதாது. ஆகவே முந்தின நாள் அவித்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த உருளையில் மறுநாள் செய்யும் பொரியல், அன்றே அவித்துச் செய்ததைவிடச் சற்றே மேல். ‘சற்றே’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. பிசைந்த மசாலாவாகிவிட்ட உருளையில் இந்தச் சலுகையும் குறையும், ஏனென்றால் மசித்ததும் நொதிகளின் வேலை எளிதாகிவிடுகிறது. உடனடி உருளைமாவைக் கரைத்துச் செய்த மசியல் 88 காட்டியது இதனால்தான்.

பொரித்த உருளையின் குறியீடு 63 என்று பட்டியலில் பார்த்துவிட்டு மகிழ்பவர்களும் இருக்கிறார்கள். எண் சரி. எண்ணெய், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் மேடு தாழ்கிறது. ஆனால் 100 கிராம் அவித்த உருளையில் 87 கலோரி என்றால் பொரித்த விரல்துண்டுகளில் 300-க்கு மேல். 2025-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்கக் கண்காணிப்பு ஆய்வில், வாரம் மூன்று முறை பொரித்த உருளை உண்டவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு சுமார் 20 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. அவித்த, வாட்டிய, மசித்த உருளையில் அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. இவ்வகை ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிரக் காரணத்தை நிரூபிக்காது. ஆனாலும், குறைந்த குறியீட்டை மட்டும் நம்பி பொரித்ததைத் தேர்ந்தெடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது போதும்.

## தட்டில் வைத்துக் கணக்குப் போட்டால்

இனி அந்த இன்னொரு கணக்கு. தட்டில் உள்ள செரிக்கும் மாவுப்பொருளைக் கிராமில் எடுத்து, குறியீட்டால் பெருக்கி, 100-ஆல் வகுத்தால் வருவது கிளைசெமிக் சுமை. 10-க்குள் குறைவு, 20-க்கு மேல் அதிகம்.

சமைத்த கிழங்கு 150 கிராம், அதாவது நடுத்தரக் கிழங்கு ஒன்று, என்று வைத்துக்கொள்வோம்.

1. நீரில் வெந்த சர்க்கரைவள்ளி: மாவுப்பொருள் 23 கிராம். குறியீடு 45 என்றால் சுமை 10. 63 என்றால் 14.
2. சுட்ட சர்க்கரைவள்ளி: நீர் வற்றியதால் மாவுப்பொருள் 26 கிராம். குறியீடு 88 என்றால் சுமை 23.
3. அவித்த சூடான உருளை: மாவுப்பொருள் 27 கிராம். குறியீடு 78 என்றால் சுமை 21.
4. அவித்துக் குளிரவைத்த உருளை: அதே 27 கிராம், குறியீடு 56. சுமை 15.

இரண்டாவது எண்ணையும் நான்காவது எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சுட்ட சர்க்கரைவள்ளியைவிட ஆறிய உருளை தேவலாம்.

இதிலும் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டிருக்கிறது. தமிழ் வீடுகளில் சர்க்கரைவள்ளி பெரும்பாலும் தனியாக, மாலைச் சிற்றுண்டியாக உண்ணப்படுகிறது. உருளையோ சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, பூரிக்கு மசாலாவாக, தோசைக்குள் பொதிந்து என்று எப்போதும் இன்னொரு மாவுப்பொருளின் தோளில் ஏறித்தான் வருகிறது. 200 கிராம் சோற்றின் சுமை சுமார் 41. அதனுடன் 100 கிராம் உருளைப் பொரியல் சேர்ந்தால் இன்னும் 14 ஏறி 55 ஆகிறது. உருளையைக் காய்கறிக் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் இங்கே நடக்கும் தவறு. அன்றைக்கு உருளை வேண்டுமென்றால் சோற்றைப் பாதியாக்க வேண்டும். அப்போது மொத்தம் 35-க்குள் அடங்கும். சர்க்கரைவள்ளியைச் சோற்றோடு கூட்டாக வைத்தாலும் இதே விதிதான். கிழங்கின் நல்ல பெயர் அங்கே உதவாது.

## நார்ச்சத்து: நினைப்பதைவிடச் சின்ன வித்தியாசம்

சர்க்கரைவள்ளியில் நார்ச்சத்து அதிகம், அதனால்தான் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். முன்பாதி உண்மை, பின்பாதி மிகை. தோல் நீக்கி வேகவைத்த 100 கிராம் சர்க்கரைவள்ளியில் 2.5 கிராம் நார்ச்சத்து, உருளையில் 1.8 கிராம். ஒரு கிழங்கு தின்றால் வித்தியாசம் 1 கிராம். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும் என்ற கணக்கில் இது அரைப் பிடி கீரையில் ஈடாகிவிடும்.

தோலோடு சாப்பிட்டால் இரண்டிலுமே நார்ச்சத்து கூடும். சர்க்கரைவள்ளியை மண் போகத் தேய்த்துக் கழுவினால் தோலோடு உண்ணலாம். உருளையில் தோல் பச்சை பாய்ந்திருந்தாலோ முளை விட்டிருந்தாலோ அந்தப் பகுதியை ஆழமாகச் சீவி எறிந்துவிட வேண்டும். சோலனைன் என்னும் நச்சு அங்கேதான் சேர்கிறது, அவித்தாலும் அது போகாது.

## வைட்டமின்: முதலில் வெட்டி நிறத்தைப் பாருங்கள்

சர்க்கரைவள்ளியில் வைட்டமின் ஏ கொட்டிக் கிடக்கிறது என்று சொல்லும் இணையக் கட்டுரைகள் பெரும்பாலும் அமெரிக்க அட்டவணையிலிருந்து எடுத்தவை. அங்கே விற்பது உள்ளே ஆரஞ்சு நிறம் கொண்ட கிழங்கு. வேகவைத்த அந்தக் கிழங்கு 100 கிராமில் 787 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமமான பீட்டா கரோட்டின் இருக்கிறது. ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவையை ஏறக்குறைய அது ஒன்றே நிறைவேற்றிவிடும்.

பொங்கல் சமயத்தில் நம் சந்தையில் குவியும் கிழங்கை வெட்டிப் பாருங்கள். தோல் சிவப்பாக இருக்கும். உள்ளே பெரும்பாலும் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள். பீட்டா கரோட்டினே ஆரஞ்சு நிறமி என்பதால், நிறம் இல்லையென்றால் அதுவும் சொல்லும்படி இல்லை. தோலின் சிவப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது வேறு நிறமி.

ஆரஞ்சுக் கிழங்கு இந்தியாவுக்குப் புதிதல்ல. திருவனந்தபுரத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூ சோனா ரகத்தில் 100 கிராமுக்குச் சுமார் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டு. அதே நிறுவனத்தின் பூ கிருஷ்ணா உள்ளே கருஊதா நிறம். அதில் இருப்பது ஆந்தோசயனின் என்னும் நிறமி, அது வைட்டமின் ஏ ஆகாது. ஆப்பிரிக்காவில் வைட்டமின் ஏ குறைபாட்டை எதிர்கொள்ள ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பியதற்காக மரியா ஆண்ட்ரேடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோர், பயிர்ச் செறிவூட்டலுக்கு வழிகாட்டிய ஹோவார்த் பூயிஸுடன் 2016-இன் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அங்கேயும் மக்கள் அதுவரை உண்டுவந்தது வெள்ளைக் கிழங்கைத்தான். பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால் சும்மா அவித்துத் தின்பதைவிடத் தேங்காய்த் துருவலோ துளி நெய்யோ சேர்த்துத் தின்றால் உடலில் நன்றாகச் சேரும்.

மற்றவற்றில் உருளை தலைகுனிய வேண்டியதில்லை. தோலோடு அவித்த உருளையில் 100 கிராமுக்கு 13 மில்லிகிராம் வைட்டமின் சி. அவித்த சர்க்கரைவள்ளியிலும் அதே அளவு. தோலைச் சீவிவிட்டு அவித்தால் உருளையில் அது 7-க்கு இறங்கிவிடுகிறது, மீதி கொதித்த நீரோடு போகிறது. பொட்டாசியத்திலும் வைட்டமின் பி6-இலும் அவித்த உருளைதான் முன்னால் நிற்கிறது.

## ‘சர்க்கரைவள்ளி சர்க்கரையைக் குறைக்கும்’ என்பது எங்கிருந்து வந்தது

ஜப்பானில் வெள்ளைத்தோல் சர்க்கரைவள்ளி ஒன்றின் தோலிலிருந்து எடுத்த ‘கயாப்போ’ என்னும் சாறு, மாத்திரை வடிவில் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களிடம் சோதிக்கப்பட்டது. அது ஒரு செறிவூட்டப்பட்ட பொருள். அவித்த கிழங்கு அல்ல. 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இந்தச் சோதனைகளை எல்லாம் சேர்த்து ஆராய்ந்தது. கிடைத்தவை மூன்றே சோதனைகள், மொத்தம் 140 பேர். நீரிழிவுக்குச் சர்க்கரைவள்ளியைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்று முடித்தது. வாட்ஸ்அப்பில் அந்த முடிவு மட்டும் வரவில்லை.

## வீட்டிலேயே அளந்து பார்ப்பது

ஒரே கிழங்குக்கு இருவர் உடல் இருவிதமாக எதிர்வினை காட்டும். குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர் தனக்கான விடையை இரண்டு நாளில் கண்டுகொள்ளலாம்.

1. கடைசி உணவு முடிந்து குறைந்தது நான்கு மணி நேரம் ஆன, ஒரே மாதிரியான இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுங்கள். மருந்தை வழக்கம்போலவே எடுத்துக்கொள்ளுங்கள்.
2. சமைத்த கிழங்கை எடைபோட்டு 150 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அவித்த சர்க்கரைவள்ளி, அடுத்த நாள் அவித்த உருளை. டீ, சட்னி, வேறெதுவும் வேண்டாம்.
3. உண்ணும் முன், முதல் வாயிலிருந்து ஒரு மணி நேரத்தில், இரண்டு மணி நேரத்தில் என மூன்று முறை அளந்து எழுதிவையுங்கள். விரலைக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். கிழங்கின் பிசுக்கு விரலில் இருந்தால் எண் பொய்யாக ஏறும்.
4. உண்ட பின் வந்த எண்ணிலிருந்து முன் எண்ணைக் கழித்து ஏற்றத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

வீட்டுக் கருவிக்கு 15 விழுக்காடு வரை பிழை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு நாள் 150, மறுநாள் 162 என்றால் அது வித்தியாசமே இல்லை. 40, 50 என்று விலகினால், அதுவும் மறுமுறை சோதித்தபோது அப்படியே வந்தால், அது உங்கள் உடல் சொல்வது. இரண்டு மணி நேரத்தில் 180-க்கு மேலேயே நின்றால் எந்தக் கிழங்கானாலும் அளவைப் பாதியாக்கி மறுபடி அளக்க வேண்டும்.

சிறுநீரகச் செயல்பாடு குறைந்து, பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். அவர்களுக்கு இரண்டு கிழங்குமே வேறு கணக்கு. அவர்களுக்கு மருத்துவர் அனுமதித்த அளவை, சின்னத் துண்டுகளாக நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.